கை எம்ப்ராய்டரி: புதியவர்களுக்கு நான்கு வார வகுப்பு

பாளையங்கோட்டை, சனிக்கிழமைதோறும் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை

கொண்டுவர வேண்டியவை: 6 அங்குல மரப் பிரேம், எம்ப்ராய்டரி ஊசி, சின்னக் கத்தரி, மஞ்சள் கார்பன் பேப்பர், வெளிர் நிறக் காட்டன் துணி அரை மீட்டர், ஆறு இழை நூல்கண்டு நாலைந்து நிறத்தில். எல்லாம் டவுணிலேயே வாங்கிவிடலாம். துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். பிறகு சுருங்கினால் பூவும் சேர்ந்து சுருங்கும்.

முதல் வாரம்: ஓட்டுத் தையல், பின் தையல்
பிரேமில் துணியை விறைப்பாக மாட்டுவதற்கே அரைமணி நேரம் போகும், போகட்டும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும். ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்துக் கோருங்கள். செய்யப்போவது: கைக்குட்டை மூலையில் உங்கள் பெயரின் முதல் எழுத்து. 'க', 'ப' என்றால் சுலபம். 'இ'காரர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: காம்புத் தையல், சங்கிலித் தையல், லேசி டெய்சி
தலையணை உறையின் ஓரத்தில் பிச்சிப்பூக் கொடி. கொடிக்குக் காம்புத் தையல். நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும், மாறினால் கொடி முறுக்கு இழந்துவிடும். பூவுக்கு ஐந்து லேசி டெய்சி இதழ். பிச்சி மொட்டின் வெளிப்புறம் லேசாகச் சிவந்திருக்குமல்லவா, மொட்டுக்கு மட்டும் ஒரு இழை ரோஸ் கலந்துகொள்ளலாம். உறையின் துணி நிறமாக இருந்தால்தான் வெள்ளை எடுபடும்.

மூன்றாம் வாரம்: சாட்டின் தையல், பிரெஞ்சு முடிச்சு
நான்கில் இதுதான் கடினம், அன்று விடுப்பு எடுக்காதீர்கள். சாட்டினில் இலையின் ஓரத்தை முதலில் பின் தையலால் கட்டிவிட்டு, நடுவிலிருந்து ஒரு பக்கமாக நிரப்புங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான தையல் தொங்கும், நகை மாட்டி இழுக்கும். முடிச்சுக்கு ஊசியில் இரண்டு சுற்று போதும். இடது கையால் நூலை இறுக்கிப் பிடித்தபடியே, வந்த துளைக்குப் பக்கத்தில் ஊசியை இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். முடிச்சு உருளாதவர்கள் அப்புறம் என்னிடம் வாருங்கள், கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.
செய்யப்போவது: ஆச்சிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை. பூவைப் போட்டு முடித்த பிறகே பக்கங்களை மூட்ட வேண்டும்.

நான்காம் வாரம்: பட்டன்ஹோல் தையல், முடித்தல்
தாம்பூலத் தட்டு மூடும் 10 அங்குலத் துணி. ஓரம் முழுக்கப் பட்டன்ஹோல், நடுவில் பிடித்த பூ. சிவப்பு நூல் எடுப்பவர்கள் ஒரு துண்டை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். இஸ்திரி, துண்டு விரித்து அதன்மேல் பூவைக் கவிழ்த்துப் போட்டுத்தான்.

வாரா வாரம் பின்பக்கத்தையும் பார்ப்பேன். வீட்டில் தைக்கும்போது ஃபேனுக்கு நேர் கீழே மட்டும் உட்காராதீர்கள், நூல் பறந்து சிக்கும்.