வீடு கட்டியதற்கான நிதி ஆதாரம் – குறிப்பாணைக்கு விளக்கம்

அனுப்புநர்
வ. செல்வராணி,
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
கும்பகோணம் கல்வி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
கும்பகோணம்.

நாள்: 18.06.2024

பொருள்: வருமானத்துக்கு மீறி வீடு கட்டியதாகப் பெறப்பட்ட புகார் மனு – விளக்கம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறிப்பாணை ந.க.எண் 1846/ஆ2/2024, நாள் 07.06.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் காணும் குறிப்பாணை 10.06.2024 அன்று கிடைக்கப் பெற்றேன். 45 லட்சம் ரூபாயில் மாடி வீடு கட்டியதாக மனுவில் கண்டுள்ளது. வீடு தரைத்தளம் மட்டுமே, 1,240 சதுர அடி. மேலே இருப்பது 90 சதுர அடி படிக்கட்டு அறை. ஆன செலவு 27,40,000 ரூபாய் (பொறியாளர் மதிப்பீடு, இணைப்பு 1). மனை 2018இல் என் தந்தை தான செட்டில்மென்ட் மூலம் கொடுத்தது; அதற்கு நான் பணம் ஏதும் கொடுக்கவில்லை (இணைப்பு 2). மனைக்கும் இன்றைய விலை போட்டுச் சேர்த்தால்தான் 45 லட்சம் என்ற தொகை வரும்.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, விதி 7இன்படி வீடு கட்ட அனுமதி கோரி, 12.01.2022 நாளிட்ட அனுமதி ஆணை பெற்ற பிறகே வேலை தொடங்கியது (இணைப்பு 3).

பணம் வந்த வழி: வங்கி வீட்டுக் கடன் 16,00,000, அஞ்சலகத் தொடர் வைப்பு முதிர்வு 3,61,570 (மே 2017 முதல் மாதம் 5,000 ரூபாய் வீதம், 60 தவணை), தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் என் கணவரின் வைப்புத் தொகை 4,10,000, என் சம்பளக் கணக்கு இருப்பு 2,40,000, நகைக் கடன் 1,35,000. மொத்தம் 27,46,570 ரூபாய். நான் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால் பொது வைப்பு நிதியிலிருந்து எடுக்க வழியில்லை. எனவே அப்படி ஒரு வரவு இந்தக் கணக்கில் வராது.

செலவு ஆன வரிசை:
பிப்–ஏப் 2022: ஆழ்குழாய்க் கிணறு, அஸ்திவாரம், பிளின்த் பீம் – 5,10,000
மே–ஜூன்: லிண்டல் வரை சுவர் – 4,35,000
ஜூலை–ஆக: மேல்கட்டு, கூரை கான்கிரீட், படிக்கட்டு அறை, கைப்பிடிச் சுவர் – 6,20,000
செப்–நவ: பூச்சு, மின் மற்றும் குழாய் வேலை – 4,75,000
டிச–பிப் 2023: டைல்ஸ், கதவு, ஜன்னல், பெயின்ட் – 5,30,000
மார்ச் 2023: செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட் – 1,70,000

வங்கி கடனை ஒரே தடவையில் தரவில்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அவர்களுடைய பொறியாளர் வந்து பார்த்த பின்பே விடுவித்தது: 25.03.2022இல் 3,50,000, 27.05.2022இல் 4,00,000; 11.08.2022இல் 5,00,000, 18.11.2022இல் 3,50,000 (இணைப்பு 4).

ஜூலை மாதக் கம்பி பில்லுக்கு வங்கிக் கணக்கில் பற்று இல்லை என்று தாங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. கூரைக் கான்கிரீட் 30.07.2022 அன்று போடப்பட்டது. ஜூலைத் தொடக்கத்தில் கையிருப்பு 4,06,570 ரூபாய். அது சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி, சென்ட்ரிங், கூலிக்கே போய்விட்டது. 2,240 கிலோ கம்பியைக் கிலோ 72.50 வீதம், வரி உட்பட 1,62,400 ரூபாய்க்குக் கடையில் கடனாக எடுத்தேன். மூன்றாம் தவணை வரவான மறுநாள், 12.08.2022 அன்று காசோலையாகக் கொடுத்தேன். பில் ஜூலையிலும் பற்று ஆகஸ்டிலும் இருப்பது இதனால்தான். கடைக்காரரின் பேரேட்டு நகலும் காசோலை எண் தெரியும் கணக்குப் பக்கமும் இணைப்பு 5இல் உள்ளன.

கொத்தனார், சித்தாள் கூலி 6,85,000 ரூபாயும் சனிக்கிழமைதோறும் ரொக்கமாகக் கொடுத்தது. அதற்குப் பில் கிடையாது. ஆனால் மேஸ்திரி கையெழுத்திட்ட வாரக் கூலி நோட்டு இருக்கிறது. அதன் தேதிகளை அந்தந்த வார ஏடிஎம், பணம் எடுப்புப் பதிவுகளுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம் (இணைப்பு 6). 38,000 ரூபாய் மதிப்புள்ள எம்-சாண்டுக்கு மட்டும் லாரி ரசீது தவறிவிட்டது. அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. தொகை செலவுக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

கணவரின் வைப்பு 2019இல் அவர் பெயரில் போடப்பட்டு, 06.12.2022 அன்று முடிக்கப்பட்டு எங்கள் கூட்டுக் கணக்குக்கு வந்தது. அவரது சம்பளச் சான்றும் வருமான வரிக் கணக்குப் படிவமும் இணைப்பு 7. நகைக் கடன் மார்ச் 2023இல் பெற்று, நவம்பர் 2023இல் அடைத்து நகை மீட்கப்பட்டது (இணைப்பு 8). வீட்டுக் கடனுக்கு டிசம்பர் 2022 முதல் மாதம் 13,633 ரூபாய் என் சம்பளக் கணக்கிலிருந்து பிடித்தமாகிறது.

வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் 6,570 ரூபாய். அது 31.03.2023 அன்று கூட்டுக் கணக்கில் இருப்பாக உள்ளது.

மூல ஆவணங்களை நேரில் காட்டத் தயாராக உள்ளேன். விளக்கத்தை ஏற்று, மனு மீதான மேல்நடவடிக்கையைக் கைவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வ. செல்வராணி

இணைப்பு: 8 (தலைமை ஆசிரியர் வழியாக)