ஊர் இணையதளத்தின் முதலாண்டுச் செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பம்

அனுப்புநர்
செயலாளர்,
இளைஞர் நற்பணி மன்றம்,
நூலகத் தெரு.

பெறுநர்
உரிமையாளர் அவர்கள்,
அரிசி ஆலை,
கிழக்குத் தெரு.

பொருள்: ஊருக்கான இணையதளம் – டொமைன், ஹோஸ்டிங் கட்டணம் ரூ.3,776 – முதல் ஆண்டுக்கு மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் ஊருக்கென்று ஓர் இணையதளம் தொடங்க மன்றத்தில் முடிவெடுத்திருக்கிறோம். பக்கங்களைத் தயார் செய்துவிட்டோம். அதற்கு ஒரு முகவரியும், அந்தப் பக்கங்கள் இரவு பகலாகத் திறந்திருக்க ஒரு சர்வரில் இடமும் வாங்க வேண்டும். முகவரியை டொமைன் என்றும் அந்த இடத்தை ஹோஸ்டிங் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் உடனே தொடங்கிவிடலாம். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஊர் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிராம சபை அறிவிப்பைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறோம். மறுநாள் காலைக்குள் அது வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் போய்விடுகிறது. தேவைப்படும் நாளில் தேடினால் கிடைப்பதில்லை. போன் மாற்றியவர்களிடம் பழைய செய்தி எதுவுமே இருப்பதில்லை. குழுவில் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் ஆலை வாசலில் கரும்பலகை வைத்து, கரண்ட் இல்லாத நாளையும் நெல் அரைக்கும் நாளையும் எழுதிப் போடுகிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு வருவதால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் வீணாகத் திரும்புவதில்லை. ஊருக்கு அப்படி ஒரு பலகை, எங்கிருந்தும் படிக்கிற மாதிரி, வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

அதில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கு வரும் பஸ்களின் நேரம், கிராம சபை நடக்கும் நாளும் அங்கே நிறைவேறும் தீர்மானங்களும், ஏரியின் பழைய படங்கள். இவற்றைவிட முக்கியமாக நாங்கள் நினைப்பது மாணவர்களுக்கான பக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளை முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையம் போகிறது. ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்பாவுக்கு அன்றைய கூலி போச்சு, பிள்ளைக்கு மனசு போச்சு. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் இந்த ஒரு நாள் தள்ளிப்போவதே பெரிய விஷயம். எந்தச் சான்றுக்கு எந்தத் தாள்களைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம். குடும்ப அட்டை, ஆதார், மாற்றுச் சான்றிதழ் என்று வரிசையாக, பெரிய எழுத்தில், போனிலேயே படிக்கும்படி இருக்கிறது. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் மன்றத்துத் தங்கைதான் இதை வடிவமைத்தது. அதற்குக் கூலி எதுவும் இல்லை.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலும் வைக்கலாம் என்று பேசினோம். ஆனால் யாருடைய போன் எண்ணையும் பொதுவில் போடப் போவதில்லை. மன்றத்தின் எண் மட்டும் இருக்கும். அழைத்தால் நாங்கள் ஆளைச் சேர்த்துவைப்போம்.

இனி பணக் கணக்கு. ஊர்ப் பெயரோடு .in என்று முடியும் முகவரிக்கு முதல் ஆண்டு ரூ.650. ஹோஸ்டிங் ரூ.2,550. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.576. ஆக மொத்தம் ரூ.3,776. பக்கத்துக்குப் பூட்டுச் சின்னம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குத் தனிச் செலவில்லை. இலவச ஹோஸ்டிங்கும் உண்டுதான். ஆனால் அதில் பெரும்பாலும் அவர்களுடைய பெயரைச் சுமந்த நீண்ட முகவரிதான் தருவார்கள். அதை நம் அம்மாக்கள் ஞாபகம் வைத்துத் தட்டச்சு செய்ய முடியாது. சில இடங்களில் நமக்குச் சம்பந்தமில்லாத விளம்பரமும் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் பக்கத்தில் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

முதல் ஆண்டில் சலுகை விலை, புதுப்பிக்கும்போது கூடுதல் விலை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். இரண்டாம் ஆண்டு எங்கள் விசாரிப்பின்படி வரியோடு ரூ.6,785 ஆகும். அதற்கு உங்களிடம் வர மாட்டோம். உறுப்பினர்கள் 32 பேரும் மாதம் ரூ.20 போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு ரூ.7,680 சேரும். அந்தப் பணம் சேரும் வரைக்கும்தான் உங்கள் கை வேண்டும். மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் இன்னும் மலிவு என்கிறார்கள். இருந்தாலும் நாங்கள் ஓர் ஆண்டு நடத்திக் காட்டாமல் உங்களிடம் அவ்வளவு கேட்பது முறையல்ல.

பணத்தை எங்கள் கையில் தர வேண்டாம், ஐயா. டொமைன் நிறுவனத்துக்கு நீங்களே நேராகக் கட்டலாம். ரசீது மன்றத்தின் பெயரில் வரட்டும். முகவரியும் மன்றத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறோம். பக்கத்து ஊரில் இப்படித் தொடங்கிய தளம், பதிவு செய்த தம்பி வெளிநாடு போனதும் புதுப்பிக்க ஆளில்லாமல் நின்றுவிட்டது. காலாவதியான முகவரியை, மீட்கத் தந்த அவகாசம் முடிந்த பிறகு, உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அதனால் நம்முடைய கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வைத்திருப்போம். புதுப்பிக்கும் தேதி கூட்டப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்படும். மாதம் ஒருமுறை தளம் முழுவதையும் பிரதி எடுத்துத் தனி பென் டிரைவில் வைப்போம்.

கைம்மாறாக எங்களால் செய்ய முடிந்தது சிறிதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், முதலாண்டுச் செலவை ஏற்றவர் என்று உங்கள் ஆலையின் பெயர் ஆண்டு முழுக்க இருக்கும். நெல் அரைக்கும் நாட்களை நீங்கள் சொன்னால் அறிவிப்புப் பக்கத்தில் போடுவோம். பெயர் வேண்டாம் என்றாலும் அப்படியே ஆகட்டும். 80ஜி சான்று மன்றத்துக்கு இல்லாததால் வருமான வரிச் சலுகை கிடைக்காது; இதை முன்கூட்டியே சொல்வது எங்கள் கடமை. தேர்தல் வந்தாலும் எந்தக் கட்சிச் செய்தியும், எந்தச் சாதிச் சங்க அறிவிப்பும் தளத்தில் வராது. உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தில் ஊரைப் பிரிக்கும் எதுவும் இருக்காது என்று உறுதியாகச் சொல்கிறோம்.

வருகிற ஞாயிறு மாலை ஆலையில் உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். மடிக்கணினியோடு வருகிறோம். முகவரி வாங்குவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் அதில் திறந்து காட்ட முடியும். திருத்தம் ஏதாவது சொன்னால் அங்கேயே செய்துவிடலாம். ஏரிக்கரையின் பழைய படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அப்பா காலத்துப் படங்களாக இருந்தாலும் சரி, எடுத்து வையுங்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
செயலாளர்,
இளைஞர் நற்பணி மன்றம்

இணைப்பு: கட்டண விவரத் தாள், மன்றக் கூட்டத் தீர்மானத்தின் நகல்.