41ஆவது பொட்டலம்

மாதத்தின் கடைசி நாள். இன்று வாங்காவிட்டால் இந்த மாதத்துப் பருப்பு போனது போனதுதான். ரேஷன் கடைக்குள் செல்வி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். துவரம் பருப்பு 41 பொட்டலம். வெளியே பைகளும் செங்கற்களுமாக வரிசை ஆலமரம் வரை நீண்டிருந்தது.

பீடிக்கார ஆச்சி நடுவில் எங்கோ குந்தியிருந்தாள். ஐம்பது வருடம் இலை சுருட்டிய விரல்கள். போன மாதம் கருவி அவள் ரேகையை ஒன்பது முறை மறுத்தது. கண்ணைக் காட்டச் சொன்னால், புரை விழுந்த கண்ணையும் அது ஏற்கவில்லை. பத்தாவது முறை பச்சை விளக்கு எரிந்தபோது பருப்பு தீர்ந்திருந்தது.

செல்வி ஒரு பொட்டலத்தைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். ஷட்டரை உயர்த்தினாள்.

"அரிசி எல்லாருக்கும் உண்டு. பருப்பு 40 பேருக்குத்தான்."

கூச்சல் எழுந்தது. "முதலில் பையை எடுங்கள். பை வந்து ரேகை வைக்குமா? ஆள் நிற்கிற இடம்தான் வரிசை" என்றாள் செல்வி.

கட்டுநர் முருகன் சொந்தக்காரர் இல்லாத பைகளை ஓரமாக அடுக்கினான். வார்டு உறுப்பினர் வீட்டுப் பையை மட்டும் தொடாமல் அவளைப் பார்த்தான்.

"அதையும்தான்."

ஆச்சியைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். விரலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைக்கச் சொன்னாள். ஐந்து கார்டுக்கு ஒரு முறை ஆச்சி விரல் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரேயடியாக முயன்றால் கூட்டம் பொறுக்காது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே மணி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது கார்டு. சிவப்பு. பத்தாவது. சிவப்பு. இருபதில் சர்வரே படுத்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் அவள் வாங்கிய வசவை எடைபோட்டிருந்தால் ஒரு மூட்டை தேறும்.

"விடு தாயி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் ஆச்சி.

"உட்காருங்கள் ஆச்சி."

நாற்பதாவது பொட்டலம் போனது. அடுத்து நின்றவள் சித்தாள் வேலை செய்யும் ராணி. சிமெண்டு படிந்த சேலை, இடுப்பில் பிள்ளை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பருப்பு தீர்ந்துவிட்டது. அரிசியும் சர்க்கரையும் போடட்டுமா?"

ராணி தலையாட்டினாள். அப்போது அவள் பிள்ளை கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே போட்டது. எடுக்கக் குனிந்தவள் நிமிரக் கொஞ்சம் நேரமானது.

"அது யாருக்கு அக்கா?"

செல்வி கருவியை ஆச்சி பக்கம் திருப்பினாள். "விரலை வையுங்கள்."

பச்சை.

முருகன் பருப்பை எடுக்கக் குனிந்தான். "நீ அரிசியை நிறு" என்று சொல்லிவிட்டுச் செல்வி தானே எடுத்தாள். ராணி முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை ஆச்சியின் பையில் போட்டு, முப்பது ரூபாயை வாங்கிக்கொண்டாள்.

ராணி கார்டை நீட்டியபடியே நின்றாள்.