இருவரில் எவரேனும் ஒருவர்

வங்கிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கணக்கை இயக்கப்போவது இருவரும் சேர்ந்தா, இருவரில் எவரேனும் ஒருவரா? அக்கா யோசிக்கவே இல்லை, இரண்டாவதில் டிக் அடித்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொன்னா, என் கையெழுத்துக்காக நீ காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுடி."

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அக்காவுக்குச் சம்பளம் கூடுதல், அதனால் மாதச் செலவில் நூற்றுக்கு 60 அவள் போடுவாள், 40 நான் போடுவேன் என்று பேசிக்கொண்டோம். அம்மா என் வீட்டில் இருந்தாள். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, நானும்தான்.

முதலில் கழுத்தில் குழாய் போட்டார்கள். அப்புறம் இடது கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். அது முதிர்ந்து ஊசி போடும் பதத்துக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடத்தில் விரலை வைத்தால், மடியில் தூங்கும் பூனையின் வயிற்றைத் தொடுவதுபோல ஒரு குறுகுறுப்பு தெரியும். தினமும் தொட்டுப் பாருங்கள், அதிர்வு நின்றால் உடனே வாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பை மாட்டக் கூடாது. காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை அம்மாவின் கையைத் தொடுவதுதான்.

ஏழாவது மாதம் என் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை. சம்பளமும் பாதியானது. என் பங்கைக் கொஞ்ச நாளுக்கு 25 ஆக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கும் வீட்டுக் கடன் இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு. பேசினது பேசினதுதான்."

"வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் நான் அங்க உட்கார்ந்திருக்கேன். போக வர நேரம் தனி. அதை எந்த வரவுல எழுதுறது?"

"அப்போ நான் இங்க சும்மா இருக்கேன்னு சொல்றியா?"

போனை யார் முதலில் வைத்தோம் என்று நினைவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அக்கா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவாள். அம்மா போனை என்னிடம் நீட்டினால், கை வேலையாக இருக்கிறேன் என்பேன்.

ஆனாலும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதில் எழுதிக்கொண்டோம். "டயாலிசிஸ் 3" என்று எழுதுவேன். "ரத்தம் ஏற ஊசி" என்று எழுதுவேன். ஒரு நாள் கணக்கில் மிகச் சிறிய தொகை ஒன்று வரவானது. ஒரு பேனாகூட வாங்க முடியாத தொகை. குறிப்பில், "கால் வீக்கம் குறைஞ்சுதா?" என்று இருந்தது. கேள்வி கேட்பதற்காகவே அக்கா பணம் போட்டிருக்கிறாள். நானும் அதே தொகையைத் திருப்பி அவள் கணக்குக்கு அனுப்பி, "குறைஞ்சிருக்கு. 2 கிலோ நீர் எடுத்தாங்க" என்று எழுதினேன்.

ஒரு காலையில் அம்மாவின் கையைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. விரலை நகர்த்திப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். வெறும் கைதான் இருந்தது.

"என்னடி?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா, கிளம்புவோம்."

ரத்தக் கட்டி அடைத்திருந்தது. சீக்கிரம் எடுத்தால் ஃபிஸ்டுலாவைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் மறுபடி கழுத்துக் குழாய் என்றார் டாக்டர். முன்பணம் கட்டச் சொன்னார்கள், கவுன்ட்டரில் கார்டைத் தேய்த்தேன். போனில் பற்று என்று செய்தி வந்தது. சற்று நேரத்தில் அதே தொகைக்கு இன்னொரு செய்தி. ஒரே செய்தி இரண்டு தடவை வருகிறது என்று நினைத்துப் போனைப் பைக்குள் போட்டேன். அம்மாவை அதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். மறுநாள் டயாலிசிஸுக்குப் போனோம். கவுன்ட்டரில் கார்டு வேலை செய்யவில்லை. இன்னொரு தடவை தேய்த்தார்கள்.

"கணக்குல பணம் பத்தலைங்க."

எனக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் அம்மா. மனசில் முதலில் என்ன வந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்கா எடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்காவுக்குப் போன் போடு," என்றாள் அம்மா.

"அவ ஆபீஸ்ல இருப்பா."

"ரெண்டு மாசமா அவ ஆபீஸ்லதான் இருக்கா. போடு."

முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மாவுக்கு என்ன?" குரல் நடுங்கியது.

"கணக்குல பணம் இல்லக்கா."

"எப்படி இல்லாம போகும்? நேத்து முன்பணம் மட்டும்தானே கட்டினேன்?"

"நீ கட்டினியா?"

"ஆஸ்பத்திரியில இருந்து பணம் கட்ட லிங்க் வந்துச்சு, உடனே கட்டிட்டேன். நீ தனியா அலைவேன்னு..." நிறுத்தினாள். "நீயும் கட்டினியா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். எழுத்துக்கு எழுத்து அளந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும்.

அன்றைய பணத்தை அக்கா தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினாள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க இரண்டு பேரும் கவுன்ட்டரில் நின்றோம். "யார் கட்டினது?" என்று கேட்டார் அந்தப் பெண். "நான்," என்றோம், ஒரே நேரத்தில். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். அதே கணக்குக்குத் திரும்பி வரும், சில நாள் ஆகும் என்றார்.

அக்கா உள்ளே வந்தாள். டயாலிசிஸ் நடக்கும்போது அவள் பார்த்ததே இல்லை. சிவப்பாக ஓடும் குழாய்களையும், போர்வைக்குள் குளிரில் சுருண்டிருந்த அம்மாவையும் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். நான்கு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நின்ற பிறகு, அவள் விரலைப் பிடித்து அம்மாவின் கையில் வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தானாகவே மறுபடி வைத்தாள்.

பங்கைப் பற்றி அன்று ஒன்றும் பேசவில்லை. வெளியே வரும்போது, "சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை நான் பல மாதத்துக்குப் பிறகு முழு நாள் வேலைக்குப் போனேன். பதினொரு மணிக்குப் போன் அதிர்ந்தது. கூட்டுக் கணக்கில் வரவு, அதே மிகச் சிறிய தொகை. இப்போதுதான் பேசிக்கொள்கிறோமே, எதற்கு இது என்று திறந்து பார்த்தேன்.

"அதிர்வு இருக்கு. இன்னும் 2 மணி நேரம்."