லித்தியம் கூட்டுக் கண்காணிப்பு அட்டவணை: மதுரை மனநல மருத்துவர் – உசிலம்பட்டி குடும்ப மருத்துவர்

24 மார்ச் 2025

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பல வருடமாகப் பார்த்துவரும் 46 வயது அம்மாவுக்கு, இருமுனை மனநிலைக் கோளாறுக்காக ஜனவரியில் லித்தியம் தொடங்கினேன். இப்போது இரவு 9 மணிக்கு 400 மில்லிகிராம் நீடித்த வெளியீட்டு மாத்திரை இரண்டு. மார்ச் 3 அன்று எடுத்த ரத்தத்தில் அளவு 0.7 மில்லிமோல்/லிட்டர். நிலையாகிவிட்டதால், வழக்கமான பரிசோதனைகளை இனி உங்கள் கிளினிக்கில் செய்வதாக நாம் போனில் பேசியது இதில் எழுத்தில் இருக்கிறது. ஒரு பிரதி அவர் கணவரிடம் இருக்கும்.

தொடக்க நிலை (மருந்து தொடங்கும் முன்): கிரியாட்டினின் 0.8, இஜிஎஃப்ஆர் 92, டிஎஸ்எச் 2.4, கால்சியம் 9.3, எடை 64 கிலோ. இனி வரும் எல்லா முடிவுகளையும் இந்த எண்களோடு ஒப்பிட வேண்டும்.

தேதிகள் (எல்லாம் திங்கட்கிழமை, காலை 9 மணி)

- 5 மே 2025: லித்தியம், கிரியாட்டினின். இது வழக்கமான அட்டவணையில் இல்லாதது. கத்திரி வெயிலில் தோட்ட வேலைக்குப் போகிறவர், அதனால் நானாகச் சேர்த்தேன்.
- 7 ஜூலை 2025: லித்தியம், யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், இஜிஎஃப்ஆர், டிஎஸ்எச், கால்சியம், எடை.
- 6 அக்டோபர் 2025: லித்தியம் மட்டும்.
- 5 ஜனவரி 2026: ஜூலையில் செய்த அனைத்தும். அன்றே என்னிடமும் வர வேண்டும்.

முதல் வருடம் நல்லபடியாகப் போனால், அப்புறம் எல்லாமே 6 மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் மருந்தளவு மாறினாலும், புதிதாக வேறு மருந்து சேர்ந்தாலும், ஒரு வாரத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுப்பது: கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேட்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நேரம் தெரியாத அளவை வைத்து என்னால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வெறும் வயிறு தேவையில்லை. லேப் ஆளிடம் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும்: சிவப்பு மூடிக் குழாய்தான். பச்சை மூடிக் குழாயில் லித்தியம் ஹெப்பாரின் இருந்தால், அதுவே அளவை ஏற்றிக் காட்டிவிடும்.

முடிவு வந்ததும்

0.6 முதல் 0.8 வரை: அதே அளவில் தொடரட்டும், உங்கள் முடிவே போதும். 0.8-ஐத் தாண்டி 1.0 வரை: நேரத்தைச் சரிபார்த்து, ஒரு வாரத்தில் மறுபடி எடுங்கள். 1.0-க்கு மேல்: அன்றே எனக்குப் போன். 1.5 அல்லது அதற்கு மேல்: மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மதுரைக்கு அனுப்புங்கள். 0.6-க்குக் கீழே என்றால் மாத்திரை விட்டுப்போனதா என்று கேளுங்கள். அளவைக் கூட்டுவது என் பொறுப்பு.

எண்ணை விட ஆளைப் பார்ப்பது முக்கியம். கை பலமாக நடுங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி, தூங்கி வழிவது – இவை இருந்தால் அளவு 0.8 என்று வந்தாலும் நச்சுத்தன்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே போனாலோ, ஒரு வருடத்தில் 15 குறைந்தாலோ, ஒருமுறை உறுதி செய்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள். சிறுநீரக மருத்துவரை நான் ஏற்பாடு செய்கிறேன். அதிக தாகம், இரவில் பலமுறை சிறுநீர் போவது பற்றி ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கால்சியம் கூடினால் பாராதைராய்டு ஹார்மோன் பார்க்க வேண்டும்.

டிஎஸ்எச் லேசாகக் கூடினால், 6 வாரத்தில் ஃப்ரீ டி4-உடன் மறுபடி எடுப்போம். 10-ஐத் தாண்டினால் தைராக்சினை நீங்களே தொடங்கலாம். அதற்காக லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை. 'மறுபடி சோர்ந்துவிட்டாள்' என்று வீட்டார் சொன்னாலும் முதலில் டிஎஸ்எச் பாருங்கள். மனச்சோர்வு என்று நினைத்து நான் மருந்தைக் கூட்டி, உண்மையில் அது தைராய்டாக இருந்துவிடக் கூடாது.

உங்களிடம் தனியாகக் கேட்பது

இவருக்கு முட்டிவலி உண்டு. டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்குவதையும் கேட்டுத் தடுக்க வேண்டும். பிரஷர் வந்தால் எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், குறிப்பாக ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரைகள் லித்தியத்தை உடலில் தேக்கிவிடும். அம்லோடிபின் எனக்குச் சம்மதம். உப்பைத் திடீரென்று குறைக்கச் சொல்ல வேண்டாம், அதுவும் அளவை ஏற்றும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்றால் அன்றைய லித்தியத்தை நிறுத்தி, நீர்ச்சத்தைச் சரிசெய்து, அளவும் கிரியாட்டினினும் எடுத்துவிட்டு எனக்குக் கூப்பிடுங்கள். மற்றபடி மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும் ஆபத்து அதிகம். அதனால் நிறுத்துவதும் பிராண்டை மாற்றுவதும் என்னைக் கேட்ட பிறகே. மருந்துச்சீட்டை நான் 3 மாதத்துக்கு எழுதுகிறேன்.

மே 5 அன்று அவர் வரவில்லை என்றால், கணவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள் உங்களிடமிருந்து முடிவு வராவிட்டால் நானே உங்களுக்குப் போன் செய்வேன்.

நன்றியுடன்,
மனநல மருத்துவர், மதுரை