நம்பச் செய்வதும் அறியச் செய்வதும்: பள்ளியில் சமயக் கல்வி

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில், கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்கும் ஏனையோர் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து செல்வது வழக்கம். மறைக்கல்வி தன் நோக்கத்தை ஒளிப்பதில்லை. பிள்ளையைத் திருச்சபையின் நம்பிக்கையில் வளர்ப்பதே அது. இலங்கை மாணவர் அவரவர் சமயத்தைப் பாடமாகப் பயில்வதும் இத்தகைய நம்பிக்கைவழிக் கற்பித்தலே. சுவீடன் 1960களில் மேற்கொண்ட நம்பிக்கைசாராக் கற்பித்தலோ, எச்சமயத்தையும் ஏற்கவோ மறுக்கவோ மாணவரைக் கோராமல், மக்கள் எதை நம்புகிறார்கள், அந்நம்பிக்கை அவர்கள் வாழ்வில் எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஆராய வைக்கிறது.

நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் சமயபோதனையைத் தடுக்கிறது. உதவிபெறும் பள்ளியிலும் பெற்றோர் இசைவின்றி மாணவரை அதில் பங்கேற்கச் செய்ய இயலாது. ஆனால் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது இத்தடைக்குள் வராது என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வாறிருந்தும் நம் ஆசிரியர்கள் சமயம் என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள். (பூசை, பண்டிகை என்றால் மட்டும் அந்தத் தயக்கம் காணாமற்போவது வேறு கதை.)

திருவதிகையில் அப்பரின் சூலைநோய் நீங்கிய வரலாற்றை எடுத்துக்கொள்வோம். தேவார வகுப்பில் அது இறையருளின் சான்று. 'கூற்றாயினவாறு' பதிகத்தைப் பிள்ளைகள் பாடிப் பழகுவார்கள். நம்பிக்கைசாரா வகுப்பில் ஆசிரியர், இதைச் சொல்வது பெரியபுராணம் என்று முதலில் குறிப்பிடுவார். தருமசேனர் என்ற பெயரோடு அப்பர் முன்பு சார்ந்திருந்து விட்டு நீங்கிய சமணத் தரப்பு இந்நிகழ்வை எப்படிச் சொல்லியிருக்கும் என்று கேட்பார். சமணர் பாடநூலோடு முடிந்துபோனவர்கள் அல்லர், விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் இன்றும் மடம் கொண்டு வாழும் தமிழர்கள் என்பதையும் காட்டுவார். பதிகத்தின் அழகு இதனால் குறைவதில்லை.

இவ்வாறு கேட்கவும் ஒப்பிடவும் பழகுவதையே சமய எழுத்தறிவு என்கிறோம். இஸ்லாத்தின் ஐந்து தூண்களையும் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளையும் ஒப்பிப்பது அதற்குப் போதாது. ஒரே சமயத்துக்குள் வேறுபாடுகள் உண்டு, அவை காலத்தால் மாறுகின்றன, சாதி, தொழில், ஊர் ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கின்றன என்று உணர வேண்டும். மாசிமகத்துக்குக் கிள்ளைக்கு எழுந்தருளும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளை அவ்வூர் இஸ்லாமியர் வரவேற்று மரியாதை செய்யும் வழக்கத்தை, 'இந்து சமயம்', 'இஸ்லாம்' என்று தனித்தனி அலகுகள் கொண்ட பாடநூலால் விளக்க முடியாது.

நம்பிக்கைசாரா முறையிலும் குறை உண்டு. உயிருள்ள நம்பிக்கையை அருங்காட்சியகப் பொருளாக்கிவிடும் அபாயம் அதற்கு இருக்கிறது. ஆசிரியரும் சார்பற்றவராகப் பிறப்பதில்லை. ஆகவே மறைக்கல்வியும் மதரசாவும் தேவார வகுப்பும் தத்தம் இடத்தில் தொடரட்டும். பொதுவகுப்பின் சமயப்பாடம் மட்டும் நம்பிக்கைசாராததாக, சமூக அறிவியலின் பகுதியாக அமையட்டும். அதற்கு முன், தம் சமயத்தைப் பற்றிச் சங்கடமான கேள்வி எழும்போதும் வகுப்பைத் திறந்தே வைத்திருக்கும் பயிற்சியை ஆசிரியர் கல்வியியல் பட்டப்படிப்பிலேயே பெற வேண்டும்.