திங்கட்கிழமை, காலை 9.10, என் மேசை

படத்தில் இருப்பது என் மேசை. ஆறிப்போன டீ, வெள்ளிக்கிழமை வைத்த இடத்திலேயே இருக்கும் கோப்புகள், மூலையில் அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழம். மேசை நன்றாக ஓய்வெடுத்திருக்கிறது. எனக்குத்தான் அது கிடைக்கவில்லை.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் 6.40 வண்டி. சூளகிரி தாண்டும்வரை நின்றுகொண்டேதான் வந்தேன். அப்புறம் உட்கார இடம் கிடைத்தது, கண் அசந்தது, ஓசூர் வந்துவிட்டது. இந்த வாரம் நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

"வாரத்தைப் புத்துணர்ச்சியோடு தொடங்குவோம்!" என்று காலையில் குழுவில் பூங்கொத்துப் படம் போட்டவருக்கு வணக்கம். ஞாயிறு ராத்திரி 10 மணிக்கு "சின்ன வேலைதான், ஐந்து நிமிஷம்" என்று கோப்பு அனுப்பியவரும் நீங்கள்தானே சார்? அந்த ஐந்து நிமிஷம் முடிந்தபோது மணி 12.20. உங்கள் கடிகாரம் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லுங்கள், எனக்கும் ஒன்று வேண்டும்.

சோர்வாக இருக்கிறது என்று சொன்னால், "இந்த வயசிலேயேவா?" என்கிறார்கள். ஆமாம், இந்த வயசிலேயேதான். ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துக்கொண்டால் எந்த வயசுக்கும் சோர்வு வரும்.

இன்றைக்கு மதியம் 1 மணிக்கு அந்த மாம்பழத்தை நிதானமாகச் சாப்பிடப் போகிறேன். அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடாதீர்கள்.

#திங்கட்கிழமை #ஓசூர்பஸ் #ஐந்துநிமிஷவேலை